பிரிக்காமலே பேட்டர்ன்: பிடித்த குர்த்தியைக் காகிதத்தில் எடுப்பது எப்படி

உடம்புக்கு அப்படியே பொருந்தும் ஒரு குர்த்தி இருக்கும். அதே அளவில் இன்னொன்று தைக்க நினைத்துத் துணிமேல் அதை விரித்துப் போட்டு, சுற்றி சாக்பீஸால் கோடு இழுத்து வெட்டுவார்கள். தைத்துப் போட்டால் கழுத்து பின்னால் இழுக்கும், கை தூக்கினால் மார்பில் பிடிக்கும். காரணம் எளிது. குர்த்தி தட்டையான பொருள் அல்ல. முன்பக்கக் கைக்குழி ஒரு வளைவு, பின்பக்கக் கைக்குழி வேறொரு வளைவு. மார்பின் எழுச்சிக்காகத் துணியை ஆப்புபோல் மடித்துத் தைப்பதுதான் டாட்; அது பிடித்த இடம் கிண்ணம்போல் எழும்பி நிற்கும். சுற்றி ஒரே கோடு போட்டால் இந்த வித்தியாசங்கள் எல்லாம் அந்த ஒரு கோட்டில் மறைந்துவிடும்.

ஒவ்வொரு துண்டும் தைக்கப்படும் முன் தட்டையாகத்தான் இருந்தது. அந்தத் தட்டை வடிவத்தை, ஒரு நேரத்தில் ஒரு துண்டாக, குண்டூசியால் காகிதத்துக்கு இறக்குவதுதான் வேலை. ஒரு தையலையும் பிரிக்க வேண்டியதில்லை. இங்கே எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமான ஒரு காட்டன் குர்த்தி: நீளம் 42 இன்ச், மார்புச் சுற்று 39 இன்ச் (உடம்பின் அளவு அல்ல, குர்த்தியின் அளவு), வட்டக் கழுத்து, முக்கால் கை, பக்கத் தையலில் ஒரு டாட், இரு பக்கமும் ஸ்லிட்.

முதல் தடவைக்கு இப்படிப்பட்ட நெய்த துணியையே தேர்ந்தெடுங்கள். டி-ஷர்ட் துணி, லைக்ரா கலந்த துணி, நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய உடை எல்லாம் கை பட்டாலே நீளும். எந்த அளவு உண்மையானது என்று பிடிபடாது. லைனிங் வைத்ததும் ஆரம்பத்தில் வேண்டாம்.

தயார் செய்தல்

குர்த்தியைத் துவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே போகாமல் வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் போட வேண்டும். தள்ளினால் கழுத்தும் கைக்குழியும் நீண்டுவிடும். பிறகு இடது வலது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோள் நீளம், கைக்குழி, பக்கத் தையல் ஆகியவை இரு பக்கமும் கால் இன்ச் வரை மாறுவது ரெடிமேடில் சகஜம். எந்தப் பக்கம் தளர்வும் சுருக்கமும் இல்லாமல் ஒழுங்காக இருக்கிறதோ அந்தப் பாதியை மட்டும் எடுங்கள்.

அடுத்தது நடுக்கோடு. இரண்டு தோள் தையல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு பக்கத் தையல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, முன்பக்கத்தை நடுவில் மடியுங்கள். மடிப்பு விழும் இடத்தில் வேறு நிற நூலால் நீளத் தையலாக ஓட்டுங்கள். பின்பக்கத்துக்கும் அப்படியே. இந்த மடிப்பு, நீளவாக்கில் ஓடும் பாவு நூலோடு ஒட்டிப் போகிறதா என்று உற்றுப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை அரை இன்ச்சுக்குமேல் விலகினால் அந்தக் குர்த்தி நூலோட்டம் தப்பி வெட்டப்பட்டது. துவைத்தபின் பக்கத் தையல் முன்னால் திரும்பி வருவது இதனால்தான். அதை நகலெடுத்தால் அந்தக் கோணலும் கூடவே வரும், வேறு குர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நூல் குறுக்கே வேண்டும். கைக்குழியின் அடிமுனையிலிருந்து அகலவாக்கில் ஓடும் ஊடை நூலைப் பின்பற்றி நடுக்கோடு வரை ஓட்டுங்கள். இதை மார்புக்கோடு என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு நூல்களும்தான் துணி இழுபட்டதா இல்லையா என்று கடைசிவரை காட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இந்த வேலையைத் தாண்டிப் போகாதீர்கள்.

உள்ளே பலகை

மேசைமேல் குர்த்தியை விரித்துக் குண்டூசி குத்தினால் முன்துணி, பின்துணி இரண்டையும் துளைத்துத்தான் ஊசி காகிதத்துக்குப் போகும். அதற்குள் அது சாய்ந்துவிடும். அதனால் காகிதத்தைக் குர்த்திக்கு உள்ளே வையுங்கள். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து 13 இன்ச் அகலம், 26 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, தோள் பக்கம் வரும் இரு மூலைகளையும் உருட்டிவிடுங்கள். அரை இன்ச் தடிமன் தெர்மாகோலும் ஆகும். அதன்மேல் பிரவுன் ஷீட்டை டேப் போட்டு ஒட்டுங்கள். காகிதத்தில் ஓரத்திலிருந்து ஒரு இன்ச் தள்ளி நீளவாக்கில் ஒரு நேர்க்கோடு, மேலிருந்து 10 இன்ச் கீழே அதற்குச் சரியாகச் செங்குத்தாக ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். செங்குத்து பார்க்க மூலைமட்டம் இல்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் மூலை போதும்.

பலகையைக் கீழ்வழியாக உள்ளே நுழைத்து, இஸ்திரி மேசையில் சட்டையை மாட்டுவதுபோல் குர்த்தியைச் சுழற்றுங்கள். முன்பக்க நடு நூல் காகிதத்தின் நேர்க்கோட்டிலும், பக்கத் தையல் பலகையின் மறு ஓரத்திலிருந்து ஓரிரு இன்ச் உள்ளேயும் வர வேண்டும். தோள் தையலும் பலகையின் மேல்முகத்துக்கு வரும்படி பின்துணியை மேலே சற்றுத் தளர்த்திவிடுங்கள். கையைப் பலகைக்கு வெளியே தொங்க விடுங்கள்.

முன்பக்கம்

நடு நூலை நேர்க்கோட்டின்மேல் வைத்து 2 இன்ச்சுக்கு ஒரு ஊசி குத்துங்கள். பிறகு மார்பு நூலைக் குறுக்குக்கோட்டின்மேல் வைத்துக் குத்துங்கள். ஊசி எப்போதும் நேர் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்தால் மேலே சரியாகத் தெரியும் புள்ளி, காகிதத்தில் அரைக்கால் இன்ச் தள்ளி விழும்.

இனி உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிவிட்டுக்கொண்டே தையல் கோட்டில் குத்திப் போங்கள். தடவத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. கழுத்துக்கு விளிம்பை ஒட்டியும், தோளுக்கும் கைக்குழிக்கும் பக்கத்துக்கும் இரண்டு துணி சேரும் பள்ளத்திலும் ஊசி இறங்கட்டும். நேரான தையலுக்கு ஒன்றரை இன்ச்சுக்கு ஒன்று, வளைவுக்கு அரை இன்ச்சுக்கு ஒன்று. கைக்குழியின் முன் வளைவில்தான் கவனம் தேவை. அந்த இடம் நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் லேசாகத் தள்ளினாலும் விரியும். சேரும் பள்ளத்தின்மேல் டேப்பைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வளைத்து அளந்து வையுங்கள். நம் குர்த்தியில் தோளிலிருந்து அக்குள் வரை முன்பக்கம் எட்டே முக்கால், பின்பக்கம் 9 இன்ச். சரிபார்க்கும்போது இவை தேவைப்படும்.

டாட்டில்தான் விஷயம்

மேலிருந்து குத்திக்கொண்டே பக்கத் தையலில் இறங்கினால், அக்குளிலிருந்து இரண்டரை இன்ச் கீழே டாட் வரும். அங்கே துணி எழும்பி நிற்கும், எவ்வளவு தடவினாலும் படியாது. படியவும் கூடாது. அதை அமுக்கி ஊசி குத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. அமுக்கினால் மார்புக்கு வேண்டிய இடம் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. எழும்பும் உப்பலை முழுவதும் டாட்டுக்குக் கீழே தள்ளிவிடுங்கள். இப்போது டாட்டுக்கு மேலுள்ள பகுதி தட்டையாகப் படியும். பக்கத் தையலிலிருந்து டாட்டின் தையல் கோட்டிலேயே நுனிவரை குத்துங்கள். இது டாட்டின் மேல் கால். நுனியை ஒரு வட்டம் போட்டுக் குறியுங்கள். பிறகு நடுக்கோட்டு ஊசிகளையும் நுனி ஊசியையும் அப்படியே விட்டுவிட்டு, மற்ற ஊசிகளை எல்லாம் எடுங்கள். உப்பலை டாட்டுக்கு மேல்பக்கம் தள்ளிவிடுங்கள். கீழ்ப்பகுதி இப்போது தட்டையாகப் படியும். அதே டாட் தையல் கோட்டை மறுபடி நுனியிலிருந்து பக்கம்வரை குத்துங்கள். இந்தப் புள்ளிகள் முன்பு குத்தியவற்றுக்குக் கீழே, தனிக் கோடாக விழும். இது கீழ் கால். அங்கிருந்து பக்கத் தையலில் இறங்கி ஸ்லிட் தொடங்கும் இடம்வரை குத்தி முடியுங்கள்.

துணி எடுத்தபின் பார்த்தால் காகிதத்தில் ஒரு ஆப்பு வடிவம் இருக்கும்: நுனியில் சேர்ந்து, பக்கத்தில் விரிந்து. அந்த விரிவுதான் டாட்டில் மடிந்து போன துணி. நம் குர்த்தியில் அது ஒன்றேகால் இன்ச். சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குர்த்தியை உள்பக்கம் திருப்பி, டாட்டின் மடிப்பு பக்கத் தையலை ஒட்டி எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளந்து இரண்டால் பெருக்குங்கள். மடிப்பு முக்கால் இன்ச்சுக்குச் சற்றுக் குறைவாக, ஐந்து அரைக்கால் இன்ச் இருந்தால் விரிவு ஒன்றேகால். காகிதத்தில் ஒரு இன்ச்சுதான் வந்தது என்றால் துணி எங்கோ அமுங்கியிருக்கிறது. கீழ்ப்பகுதியை மறுபடி குத்துங்கள். இரண்டு கால்களும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

ஸ்லிட்டுக்குக் கீழே துணி தனியாகத் தொங்குவதால் சிக்கல் இல்லை. குர்த்தியைக் கழற்றியபின் இன்னொரு தாளை ஒட்டி நீட்டி, நடுக்கோட்டை நீட்டிப் போட்டு, அகலத்தை மூன்று இடத்தில் அளந்து வரைந்தால் போதும்.

பின்பக்கம் இதே முறைதான், டாட் இல்லாததால் பாதி நேரத்தில் முடியும். புதுத் தாளில் தனியாக எடுங்கள். முன்பக்கத்தைப் படியெடுத்துக் கழுத்தை மட்டும் உயர்த்தி வைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். பின் கைக்குழி முன்னதைவிட நேராக இருக்கும், அந்த நேர்த்தன்மைதான் கையை முன்னால் நீட்ட இடம் தருகிறது. பின் தோள் முன் தோளைவிட அரைக்கால் அல்லது கால் இன்ச் நீளமாக வந்தால் அதுவும் பிழை என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். சில தயாரிப்பாளர்கள் முதுகு உருண்டை உட்கார வேண்டும் என்று வேண்டுமென்றே அதை வைத்து, தைக்கும்போது அந்தக் கூடுதல் நீளத்தைச் சுருக்கம் தெரியாமல் அடக்குவார்கள்.

கை

கையை மடித்துப் போட்டுக் கோடு இழுப்பது இன்னொரு பழக்கம். மேல் வளைவின் முன்பாதி சற்றுக் குடைந்தும் பின்பாதி நிறைந்தும் இருக்கும் என்பதால் மடித்தால் ஒன்று தப்பாகும். அதோடு, மேல் வளைவு கைக்குழியைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டப்பட்டு, அடக்கித் தைக்கப்பட்டிருக்கும். உருண்டு நிற்கும் அந்த இடம் காகிதத்தில் நேரடியாகப் படியாது.

அதனால் கைக்கு அளவும் ஊசியும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். தோள் தையல் கையைத் தொடும் புள்ளியிலிருந்து நூலோட்டத்தில் கீழ்வரை ஒரு நூல், அக்குள் புள்ளியிலிருந்து ஊடை வழியே கையைச் சுற்றி ஒரு நூல் ஓட்டுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து தோள் புள்ளிவரை, துணியின் உருண்டைமேலேயே டேப்பை வைத்து அளந்தால் வளைவின் உயரம் கிடைக்கும். நம் குர்த்தியில் ஐந்தேகால் இன்ச். கையைச் சுற்றி பதின்மூன்றரை. காகிதத்தில் முதலில் இந்த இரண்டையும் கூட்டல் குறிபோல் வரைந்துவிடுங்கள். இப்போது எட்டு இன்ச் அகலமுள்ள சிறிய அட்டையைக் கைக்குள் நுழைத்து, முன்பாதியைக் கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி, வளைவின் வடிவத்தை எடுங்கள். உச்சியில் ஊசிகள் வரைந்த உயரத்தை எட்டாமல் தாழ்வாகத்தான் விழும். அங்கே அளவை நம்புங்கள், ஊசியை அல்ல. பின்பாதிக்கும் அப்படியே.

புள்ளியைக் கோடாக்குதல்

காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளைகள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்து, நேரான இடங்களை ஸ்கேலாலும் வளைவுகளை வளைவு ஸ்கேலாலும் சேருங்கள். எல்லாப் புள்ளியையும் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. நூலிழை அளவு விலகும் ஒற்றைப் புள்ளி உங்கள் கை நடுக்கம். அடுத்தடுத்து நான்கு புள்ளிகள் ஒரே பக்கம் விலகினால்தான் அது உண்மையான வளைவு.

கழுத்துக்கோடு நடு மடிப்பைத் தொடும் கடைசி கால் இன்ச் மடிப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துணியை விரித்ததும் கழுத்தின் நடுவில் கூர் விழும். முன், பின் துண்டுகளின் தோளைச் சேர்த்து வைத்துக் கழுத்தும் கைக்குழியும் முறியாமல் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள்.

சரிபார்ப்பு

எந்தத் தையலோடு எது சேருமோ அவற்றின் நீளத்தைக் காகிதத்தில் ஒப்பிடுவதுதான் சோதனை. நம் குர்த்தியில் முதல் தடவை எடுத்த பேட்டர்னில் மூன்று இடத்தில் கணக்கு இடித்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் அடிக்கடி நேர்பவை.

முதலாவது மார்பு அகலம். முன்பாதி பத்து இன்ச்சுக்குப் பதில் ஒன்பதே முக்காலும், பின்பாதி ஒன்பதரைக்குப் பதில் ஒன்பதேகாலும் வந்தன. சுற்றளவு 39க்கு 38. இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருப்பதே காரணத்தைச் சொல்கிறது: பக்கத் தையல் பலகையின் மேல்முகத்துக்கு வராமல் ஓரத்தில் வளைந்து கீழே உட்கார்ந்திருந்தது. மார்பு நூலின் நீளத்தைக் குர்த்தியிலேயே அளந்து, பக்கக் கோட்டைக் கால் இன்ச் வெளியே தள்ளினால் சரியாகும்.

இரண்டாவது பக்கத் தையல். பின்னால் அக்குளிலிருந்து ஸ்லிட்வரை பதினொன்றரை. முன்னால் டாட்டுக்கு மேல் இரண்டரை, கீழே ஒன்பதே முக்கால். கூட்டினால் பன்னிரண்டேகால், அதாவது முக்கால் இன்ச் அதிகம். டாட்டின் விரிவு சரியாக இருப்பதால் கீழ்ப்பகுதியைக் குத்தும்போது துணியைக் கீழ்நோக்கி இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். குர்த்தியில் கீழ்ப்பகுதி 9 இன்ச்தான் என்று அளந்து உறுதிசெய்து, ஸ்லிட் குறியை மேலே ஏற்ற வேண்டும். பின்பக்கத்தை நீட்டி முன்பக்கத்தோடு பொருத்திவிடாதீர்கள்.

மூன்றாவது கை. கைக்குழி எட்டே முக்காலும் ஒன்பதும் சேர்ந்து பதினேழே முக்கால். கையின் மேல் வளைவு பதினேழேகால் வந்தது. கைக்குழியைவிடக் கை சிறியதாக இருக்க வழியில்லை. பார்த்தால் உச்சியை ஊசிப் புள்ளிகளிலேயே, நாலே முக்கால் உயரத்தில் வரைந்திருந்தது. ஐந்தேகாலுக்கு உயர்த்தி வரைந்ததும் பதினெட்டு இன்ச்சைச் சற்றுத் தாண்டியது. காட்டன் குர்த்தியில் கை கைக்குழியைவிடக் கால் முதல் முக்கால் இன்ச் நீளமாக இருந்தால் சரி. அதற்குமேல் போனால் தைக்கும்போது தோளில் சுருக்கம் விழும்.

தையலுக்கு விடுதல்

இதுவரை வரைந்தது தையல் கோடு மட்டும். வெட்டும் கோடு வெளியே வரும். கழுத்துக்குக் கால் இன்ச், தோளுக்கும் கைக்குழிக்கும் கையின் மேல் வளைவுக்கும் அரை இன்ச், ஸ்லிட்டுக்கு முக்கால், கீழ் மடிப்புக்கு ஒரு இன்ச். பக்கத்துக்கு ஒரு இன்ச் விடலாம், பின்னால் பிரித்துப் பெரிதாக்க உதவும். ஆனால் அதே எண்ணத்தில் கைக்குழிக்கும் ஒரு இன்ச் விட்டால் வளைவு திரும்பாமல் விறைத்து நிற்கும்.

டாட் உள்ள இடத்தில் பக்க விளிம்பை நேராக வெட்டிவிடாதீர்கள். காகிதத்திலேயே டாட்டை மடித்து, மடிப்பைக் கீழ்நோக்கிப் படுக்க வைத்து, அந்த நிலையில் பக்கத்தை வெட்டுங்கள். விரித்தால் விளிம்பில் ஒரு சிறு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது இல்லையென்றால் டாட் தைத்தபின் அந்த இடத்தில் துணி போதாமல் தையலுக்கு வெளியே நழுவும்.

ஒவ்வொரு துண்டிலும் பெயர், நூலோட்ட அம்பு, எத்தனை வெட்ட வேண்டும், எந்த ஓரம் மடிப்பு என்று எழுதுங்கள். முன் கைக்குழியிலும் கையின் முன்பாதியிலும் ஒரு வெட்டுக்குறி, பின்னால் இரண்டு. இல்லையென்றால் இடக்கை வலக்கை மாறிப் போகும்.

சோதனைத் துணி

நல்ல துணியை வெட்டும் முன் துவைத்த காடாத் துணியில் ஸ்லிட் வரையிலான மேல்பகுதியையும் ஒரு கையையும் நீளத் தையல் போட்டு ஓட்டிப் பாருங்கள். அசலையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். டாட் நுனி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், பக்கத் தையல் நேராகத் தொங்க வேண்டும், கை தூக்கினால் இரண்டும் ஒரே அளவு மேலே ஏற வேண்டும்.

எடுத்த குர்த்தி பலமுறை துவைத்து ஏற்கெனவே சுருங்கியது. புதுத் துணியைத் துவைக்காமல் வெட்டினால், நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 42 இன்ச் நீளத்தில் ஒன்றேகால் இன்ச் போய்விடும். துணியின் சுபாவமும் மாறக் கூடாது. வழுவழுவென்று விழும் ரேயான் குர்த்தியிலிருந்து எடுத்த பேட்டர்னை விறைப்பான கைத்தறித் துணியில் வெட்டினால், அளவு அணுவளவும் மாறாமலே மார்பிலும் கையிலும் இறுக்கமாகத் தோன்றும். அப்படிக் கட்டாயம் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் விட்ட அந்த ஒரு இன்ச்சை முதல் போட்டுப் பார்க்கும்வரை ஓவர்லாக் செய்து குறைத்துவிடாமல் வைத்திருங்கள்.